புற்றுநோயில் ரத்த உறைவு: ஊசியா, மாத்திரையா?

புற்றுநோயாளியின் கால் வீங்கி, டாப்ளரில் ஆழ்சிரையில் உறைவு தெரிந்தால் என்ன மருந்து கொடுப்பது? இதற்கான பதில் 2003-லிருந்து இரண்டு முறை மாறிவிட்டது. அந்த ஆண்டு வெளியான கிளாட் ஆய்வில், வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் உறைவு வந்தது. டால்டபரின் ஊசி போட்டவர்களில் அது 9 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதன்பின் 2018-லும் 2020-லும் எடோக்ஸாபேன், ரிவரோக்ஸாபேன், அபிக்ஸாபேன் ஆகிய புதிய மாத்திரைகள் உறைவைத் தடுப்பதில் ஊசிக்குக் குறைந்தவையல்ல என்று தெரிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லாப் புற்றுநோய்க்கும் ஒன்றுபோல் பொருந்தாது.

வெண்ணந்தூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 54, எடை 50 கிலோ. இரைப்பையில் புற்று, கட்டி இன்னும் அகற்றப்படவில்லை. கேப்சிடபினும் சிஸ்பிளாட்டினும் இரண்டு சுற்று முடிந்த நிலையில் இடது தொடைச் சிரையில் உறைவு. "மாத்திரையா எழுதிக் குடுத்துருங்களேன் டாக்டர், தெனம் ரெண்டு ஊசி யாருங்க போடறது?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனாலும் இவருக்கு ஊசிதான் சரி.

முதல் காரணம், கட்டி இருக்கும் இடம். எடோக்ஸாபேன் ஆய்வில் பெரிய ரத்தக்கசிவு 6.9 சதவீதம், டால்டபரினில் 4 சதவீதம். அந்தக் கூடுதல் கசிவு பெரும்பாலும் உணவுப்பாதைப் புற்றுநோயாளிகளிடம்தான் ஏற்பட்டது. அபிக்ஸாபேன் ஆய்வில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பது உண்மை. என்றாலும், புண்ணான கட்டி இரைப்பைக்குள் திறந்து கிடக்கும்போது அதை நம்பித் துணிவது எளிதல்ல. இரண்டாவது காரணம், வாந்தி. சிஸ்பிளாட்டின் சுற்றில் விழுங்கிய மாத்திரை எவ்வளவு உள்ளே தங்கியது என்று நமக்குத் தெரியாது. தோலடியில் போட்ட ஊசிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. வார்ஃபரினை நினைத்தும் பார்க்க வேண்டாம். கேப்சிடபின் அதன் வேலையைக் கூட்டிவிடும். பசியின்றிச் சாப்பிடாத நாட்களில் ஐ.என்.ஆர். மேலும் எகிறும்.

அளவு: எனாக்ஸாபரின் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. கையில் கிடைப்பது 60 மி.கி. நிரப்பிய சிரிஞ்ச். அதில் 0.6 மில்லி இருக்கும். ஊசிமுனையைக் கீழ்நோக்கிப் பிடித்து 0.1 மில்லியை வெளியே தள்ளிவிட்டு, மீதி 0.5 மில்லியைப் போட வேண்டும். முழு சிரிஞ்சையும் போடுகிறவர் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழைத் தள்ளக் கூடாது. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து, செங்குத்தாகக் குத்த வேண்டும். எடுத்தபின் தேய்க்கக் கூடாது. இதை மனைவியைக்கொண்டே நம் கண்முன் ஒருமுறை செய்ய வைத்தால் அவருடைய பாதிப் பயம் போய்விடும்.

தொடங்கியபின் தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று சிறுநீரகம். இவருக்கு கிரியேட்டினின் 1.0 என்றால் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கில் வடிதிறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மில்லி. சிஸ்பிளாட்டினால் கிரியேட்டினின் 2.2 ஆனால் அது 27-க்கு இறங்கிவிடும். 30-க்குக் கீழே போனால் மருந்து உடலில் சேரும். எனவே 50 மி.கி.யை நாளுக்கு ஒருமுறையாகக் குறைக்க வேண்டும். மற்றொன்று தட்டணு. 50,000-க்கு மேல் முழு அளவு, 25,000 முதல் 50,000 வரை பாதி, அதற்கும் கீழே நிறுத்தம் என்பது பொதுவான நடைமுறை. உறைவு வந்த முதல் மாதத்தில் மட்டும் நிறுத்துமுன் புற்றுநோய் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ஊசி தொடங்கிய ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் தட்டணு பாதியாகச் சரிந்தால், கீமோதான் காரணம் என்று விட்டுவிடாமல் ஹெபாரினையும் சந்தேகிக்க வேண்டும்.

குறைந்தது ஆறு மாதம், நோய் அடங்காதவரை அதற்கு மேலும் சிகிச்சை தேவை. ஆறு மாதத்துக்கே 360 சிரிஞ்சுகள். செலவு தாங்காமலும் வயிறெல்லாம் கன்றிப்போயும், சொல்லாமலே ஊசியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விடுவதைவிட மாத்திரைக்கு மாறுவது எவ்வளவோ மேல். வாந்தி அடங்கி, கசிவு இல்லை என்று உறுதியானபின், அடுத்த ஊசி போடவேண்டிய நேரத்தில் அபிக்ஸாபேன் 5 மி.கி. தொடங்கி, நாளுக்கு இருமுறை கொடுக்கலாம். ஊசி ஒரு வாரம் தாண்டியிருந்தால் 10 மி.கி. தொடக்க அளவு தேவையில்லை. மார்பகம் போன்ற இடங்களில் புற்று உள்ள, வாந்தி இல்லாத நோயாளிக்கு முதல் நாளிலேயே மாத்திரை கொடுப்பதிலும் தவறில்லை.

சேலத்திலோ சென்னையிலோ கீமோ முடித்து ஊர் திரும்புகிறவரை இடையில் பார்ப்பவர் பக்கத்து ஊர் மருத்துவர்தான். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் 'எனாக்ஸாபரின் தொடரவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. நோயாளியின் எடை, மில்லியில் அளவு, தட்டணுவும் கிரியேட்டினினும் அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி, எந்த எண்ணுக்குக் கீழே நிறுத்துவது என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள்.