பச்சிலை ஒன்றும் செய்யாதா?

‘இங்கிலீஷ் மருந்துதான் உடலைக் கெடுக்கும்; பச்சிலை ஒன்றும் செய்யாது.’ அட்டன், நுவரெலியாத் தோட்டத்து லயங்களில் இதைக் கேட்காதவர் உண்டா?

1981-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆர்செகுலரத்னவும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. நாட்டு மருத்துவத்தில் வழங்கும் கிலுகிலுப்பை, குடசப்பாலை, ஆவாரை ஆகியவற்றில் பைரோலிசிடின் என்னும் காரப்போலிகளைக் கண்டார்கள். அச்செடிகளை இரையோடு உண்ட எலிகளின் ஈரல் சிதைந்தது.

செடியில் இருக்கும்வரை இப்பொருள் சாது. ஈரல்தான் அதை நஞ்சாக மாற்றுகிறது. மாறியதும் ஈரலின் மெல்லிய நாளங்களையே அடைக்கிறது. வாரங்கள், சில வேளை மாதங்கள் கழிந்தபின் வயிற்றில் நீர் கோத்து வீங்கும். அதற்குள் குடித்த கஷாயத்தை யார் நினைப்பார்? ‘பாட்டி குடித்தாள், நன்றாகத்தானே இருந்தாள்’ என்ற சாட்சியம் இங்கேதான் உடைகிறது. 1970களில் இந்தியாவின் சர்குஜாவில் கிலுகிலுப்பை விதை கலந்த சிறுதானியம் உண்ட ஏழைகள் பலர் இவ்வாறே மாண்டனர்.

ஒரு கோப்பையில் உயிர் போகும் என்று நான் சொல்லவில்லை. அளவும் தொடர்ந்து குடிக்கும் காலமுமே தீர்மானிக்கின்றன. வைத்தியர் எட்டாத தூரத்திலிருக்கும் தொழிலாளி இலையை நாடுவது அவன் குற்றமன்று. ஆனால் அந்த வழியின்மையையே ‘இயற்கையின் கொடை’ என்று புகழ்கிறார்களே, அது யாருக்கு வசதி?

வயிறு வீங்கி வருபவரிடம் முதலில் கேளுங்கள்: இந்த மாதங்களில் என்ன இலையை அவித்துக் குடித்தீர்கள்?