ஆழ்துளை மோட்டார் எரிந்தது யாரால்?

குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழு சார்பில் செயலாளராகப் பேசுகிறேன். ஆறு நாள் லாரித் தண்ணீருக்குப் பிறகு நேற்று மாலைதான் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைத் திரும்ப இறக்கினோம். இதற்கு ஆன செலவு 40,600 ரூபாய். அதில் 21,600 ரூபாய் லாரிக்கே போனது. பன்னிரண்டு லோடு, லோடுக்கு 1,800. மீதி, மோட்டாரை மேலே தூக்கிய கூலி, காயில் கட்டியது, கேபிள் இணைப்பு. 48 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 846 ரூபாய். இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு அதையும் கட்டப்போகிறோம். ஒருவர் செய்த காரியத்துக்கு 48 குடும்பமும் கட்டப்போகிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு இரவு எட்டரைக்கு பி பிளாக் மேல்தொட்டி காலியானது. யாரோ மோட்டார் அறைக்குப் போய் இரண்டு சுவிட்சையும் ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பக்கம் திருப்பியிருக்கிறார். ஒன்று, சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டார். இன்னொன்று, ஆழ்துளை மோட்டார். 9:50-க்கு மேல்தொட்டி நிரம்பி வழிந்ததைப் பார்த்து வாட்ச்மேன் ஏற்றும் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். அவருடைய நோட்டில் அது இருக்கிறது. ஆழ்துளை மோட்டார் ஓடுவது அவருக்குத் தெரியவில்லை. 190 அடி ஆழத்தில் ஓடுகிற மோட்டாரின் சத்தம் யார் காதில் விழும்? திங்கள் காலை 4 மணிக்குத் தானாக ஓட வேண்டியது ஓடவில்லை. போய்ப் பார்த்தால் பிரேக்கர் விழுந்து கிடக்கிறது, சுவிட்ச் ‘மேனுவலில்’ நிற்கிறது, சம்ப்பின் அடியில் சேறு.

‘கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடினால் என்ன ஆகிவிடும்’ என்று கேட்டவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை விளக்குகிறேன். நம் கிணற்றில் தண்ணீர் பாறைப் பிளவுகள் வழியாகக் கசிந்துதான் வருகிறது. கயிற்றில் குண்டு கட்டி இறக்கி அளந்தோம். ஓய்வில் இருக்கும்போது நீர்மட்டம் 70 அடி. 40 நிமிடம் ஓடினால் 150 அடிக்கு இறங்குகிறது. இரண்டு மணி நேரம் விட்டால் 85 அடி வரை ஏறி வருகிறது. நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாண்டியதும் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் 40 நிமிடத்தில் 4,000 லிட்டர், அப்புறம் இரண்டு மணி நேர ஓய்வு. காலை 4 மணியிலிருந்து மாலை 6 வரை ஆறு முறை ஓடி 24,000 லிட்டர். நம் 168 பேருக்கு நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர் வைத்தால் 22,680. அதாவது கிணறு தருவதும் நமக்கு வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அட்டவணை யாரும் மனம்போல எழுதியதல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் நாம்தான். அப்போது பட்ட பாட்டுக்குப் பிறகுதான் கிணற்றுக்கு ஓய்வு கொடுத்து இறைக்கக் கற்றோம்.

தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் மோட்டாருக்கு, தன்னை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் ஓட்டம் நின்றால் காயில் சூடேறிக் கருகிவிடும். இதைத் தடுக்கவே பேனலில் டிரை ரன் ரிலே வைத்திருக்கிறோம். தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். நம் மோட்டார் வழக்கமாக ஆறு ஆம்பியர் இழுக்கும். அது நான்குக்குக் கீழே இறங்கினால் ரிலே நிறுத்திவிடும். ஆனால் நம் பேனலில் அந்த ரிலே ‘ஆட்டோ’ வழியில் மட்டும்தான் இணைக்கப்பட்டிருந்தது. ‘மேனுவலில்’ போட்டால் டைமரும் இல்லை, ரிலேயும் இல்லை. இதை முன்பே கவனிக்காதது நிர்வாகக் குழுவின் குற்றம், ஒப்புக்கொள்கிறோம். இப்போது இரண்டு வழியிலும் ரிலே வேலை செய்யும்படி மாற்றிவிட்டோம். அதற்காக, சுவிட்சைத் திருப்பிவிட்டுப் போய்த் தூங்கியவரின் குற்றம் குறைந்துவிடாது.

பி பிளாக்காரர்களின் கோபம் எனக்குத் தெரியும். ‘ஏ பிளாக்குக்கு 5 மணிக்கு ஏற்றுகிறீர்கள், எங்களுக்கு 5:40-க்கு. அதனால்தான் எங்களுக்குப் பற்றவில்லை’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்கள். இரண்டு தொட்டியும் 10,000 லிட்டர்தான். காலையிலும் மாலையிலும் இரண்டுமே முழுதாக நிரம்புகின்றன. நாற்பது நிமிடம் முன்பின் ஆவதால் தண்ணீர் குறையாது. அப்படியானால் உங்கள் தொட்டி மட்டும் ஏன் எட்டரைக்குக் காலியாகிறது?

வெள்ளிக்கிழமை இரவு அதைத்தான் பார்த்தோம். லாரித் தண்ணீரை ஏற்றி முடித்து எல்லா மோட்டாரும் நின்ற பிறகு, ஒரு மணிக்கு இரண்டு தொட்டியிலும் மட்டத்தைக் குறித்தோம். நான்கு மணிக்கு மறுபடி அளந்தோம். ஏ பிளாக்கில் ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. பி பிளாக்கில் ஏழு அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 125 லிட்டர் என்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் 875 லிட்டர். ஊரே தூங்கும் நேரத்தில் யார் குளித்தார்கள், யார் துவைத்தார்கள்? ஒழுகுகிறது, வேறொன்றுமில்லை. இதே வேகத்தில் ஒழுகினால் ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். ஏழு பேர் வீட்டுக் குழாய் சரியில்லை என்று பிளம்பரை அனுப்பினோம். ‘அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்த 7,000 லிட்டரை ஈடுகட்டத்தான் இரவில் ஒருவர் சுவிட்சைத் திருப்பினார். எரிந்தது எல்லோருக்கும் பொதுவான மோட்டார்.

மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. சாவி என்னிடமும் பொருளாளரிடமும் மட்டும். வாட்ச்மேனை மிரட்டிக் கேட்காதீர்கள். ஏழாயிரம், எட்டாயிரம் சம்பளம் வாங்குகிற அந்த மனிதர் இனி நம் சண்டைக்கு நடுவில் நிற்க மாட்டார். தண்ணீர் நின்றால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் இறங்கி வருகிறேன். அடுத்த முறை பேனலைத் தொட்டவர் யார் என்று தெரிந்தால் முழுச் செலவும் அந்த ஒரு வீட்டுக் கணக்கில் ஏறும். இதற்கான தீர்மானம் வரும் ஞாயிறு பொதுக்குழுவில் வருகிறது. எதிர்ப்பவர்கள் நேரில் வந்து காரணம் சொல்லுங்கள்.

பி பிளாக்கின் 24 வீட்டாரிடமும் ஒன்று கேட்கிறோம். இன்று இரவு படுக்கும் முன் கழிப்பறை ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து சொட்டு நீலம் நாலைந்து துளி விடுங்கள். ஃபிளஷ் பண்ணாமல் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். நாளை காலை பத்து மணிக்கு பிளம்பர் வருகிறார். இந்த முறை கதவைத் திறங்கள்.