கால் இடித்தால் வலி ஏன் லேட்டா வருது?

இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தால், இடித்தது உடனே தெரிகிறது. அடுத்து 'சுரீர்'. "அம்மா!" என்று உட்கார்ந்த பிறகுதான் விண்விண்ணென்ற வலி வருகிறது. இடி ஒன்றுதான், சேதி மூன்று வகை நரம்பிழைகளில் போகிறது.

தொடுதலைச் சொல்லும் இழை தடிமனானது. மயலின் எனும் கொழுப்பு உறை அதைச் சுற்றியிருக்கும். உறையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி. அதற்கு ரான்வியர் கணு என்று பெயர். மின்துடிப்பு இந்தக் கணுக்களில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, தாவித் தாவி நொடிக்கு சுமார் 50 மீட்டர் ஓடுகிறது. 'சுரீர்' இழை மெலிந்தது, உறையும் மெல்லியது. வேகம் சுமார் 15 மீட்டர்தான். விண்விண் வலியின் இழை இன்னும் மெல்லியது, உறையும் கிடையாது. துடிப்பு வழிநெடுகப் புதுப்பிக்கப்பட்டு ஊர்வதால், நொடிக்கு ஒரு மீட்டர்தான் போகும். நாம் நடப்பதே அதைவிட வேகம்! காலிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு மீட்டர் என்றால், முழுதாக ஒரு நொடி.

சர்க்கரை நோயாளிகள் சிலருக்குப் பாதம் எரியும், ஆனால் நரம்பு வேகப் பரிசோதனை 'நார்மல்' என்று வரும். பொய்யல்ல. அந்தப் பரிசோதனை அளப்பது தடித்த, வேகமான இழைகளை மட்டுமே. எரிச்சலைச் சொல்லும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அதில் தெரியாது. எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரிடம் மறுபடி சொல்லுங்கள்.