முதல்வரை நாங்கள் தெரிவு செய்யேல்லை

2018 பெப்ரவரி 10ஆம் திகதி யாழ்ப்பாண மாநகர சபைக்கு வாக்களித்தவர்கள் அந்த வாக்குச்சீட்டை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. அதில வீடு இருந்தது, சைக்கிள் இருந்தது, வீணை இருந்தது. ஆட்களின் பெயர் ஒன்றுமே இல்லை. மாநகர முதல்வர் ஆர் என்ற கேள்வி அந்தத் தாளில கேட்கப்படவே இல்லை. நாங்கள் போட்ட ஒற்றைப் புள்ளடி வட்டார உறுப்பினரையும் தெரிவு செய்தது, பட்டியல் ஆசனத்தையும் தீர்மானித்தது. முதல்வரைத் தெரிவு செய்யிற வேலையை மட்டும் பிறகு 45 பேர் ஒரு மண்டபத்துக்குள்ள இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாரும் மறந்துபோனம், அதால திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கு. அந்த 45 ஆசனங்களில் வீட்டுக்கு 16, சைக்கிளுக்கு 13, வீணைக்கு 10 கிடைத்தன. மிச்சம் சிறு சிறு துண்டுகள். ஒருத்தருக்கும் பாதிக்கு மேலே இல்லை. மார்ச்சில் வீட்டைச் சேர்ந்த இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவருடைய பாதீடு இரண்டு தரம் தோற்றது. பாதீடு இரண்டாவது தரமும் தோற்றதால் சட்டப்படி பதவி போனது. அந்த மாதம் 30ஆம் திகதி திரும்பவும் வாக்கெடுப்பு. சைக்கிளில் வந்து, பிறகு கட்சித் தலைமையோட முரண்பட்டிருந்த வி. மணிவண்ணன், வீணை உறுப்பினர்களின் ஆதரவோட 21க்கு 20 என்று வென்றார். எதிரே நின்றவர் ஆர்னோல்ட்தான். 2022 முடியிற நேரம் மணிவண்ணனின் பாதீடும் தோற்க, அவர் பதவி விலகினார். 2023 ஜனவரியில் மறுபடியும் ஆர்னோல்ட். மார்ச் 19ஆம் திகதி சபையின் காலமே முடிந்தது.

ஐந்து வருசத்துக்குள்ள மூன்று தரம் முதல்வர் தெரிவு. மூன்றிலும் சனத்துக்கு ஒரு வேலையும் இருக்கேல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “சபைதானே சனத்தின்ர பிரதிநிதி, நம்பிக்கை போனால் மாற்றத்தானே வேணும்.” சரி, மாற்றலாம். ஆனால் மாற்றினவை என்ன விலை குடுத்தவை? பாதீட்டுக்கு எதிராகக் கையை உயர்த்தின உறுப்பினர் அடுத்த நாளும் உறுப்பினர்தான். அவருடைய ஆசனம் அசையேல்லை. அதுக்கு மேலால புதுச் சந்தையில பேரம் பேசுகிற வாய்ப்பும் வருகுது. வடிகாலுக்கும் வீதி விளக்குக்கும் காசு ஒதுக்கிற தாளைத் தோற்கடிக்கிறது ஆளை மாற்ற மிக மலிவான வழியாகிப் போச்சு. பாதீட்டில என்ன பிழை என்று கதைக்க வேண்டிய அவசியமே அங்க இல்லை.

பொறுப்புக்கூறலும் அதே இடத்திலதான் காணாமல் போகுது. போட்டி என்று வந்தால் வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அந்த உறுப்பினர்களேதான் தீர்மானிக்கினம். 2025 ஜூனில் கொழும்பைப் பாருங்கோ. 117 பேர் கொண்ட சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேர். இரகசிய வாக்கெடுப்பில் அவர்களுடைய விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்றார். 48 எப்படி 61 ஆனது? மற்றக் கட்சிகளில் இருந்தும் சுயேச்சைகளில் இருந்தும் ஆர் ஆர் போட்டவை? அந்த வட்டாரங்களின் வாக்காளருக்கே அதை உறுதியாக அறிய வழி இல்லை. எங்களுக்கு இரகசிய வாக்கு இருக்கிறது ஆரும் எங்களை மிரட்டக்கூடாது என்பதற்காக. எங்களுடைய பிரதிநிதிக்கு எங்களிட்டை இருந்து எதற்கு இரகசியம்?

அப்ப நேரடித் தேர்தல் வைச்சால் எல்லாம் சரியோ? இதைத்தான் எங்கட ஆட்கள் இப்ப லேசாகச் சொல்லிக்கொண்டு திரியினம். நானும் நேரடித் தேர்தல்காரன்தான், ஆனால் இந்த லேசான வடிவத்தை ஏற்க மாட்டன். 2018 கணக்கையே எடுங்கோ. அண்டைக்கு முதல்வரை நேரடியாகத் தெரிவு செய்திருந்தாலும் வீட்டுக்காரர் ஒருவர் வென்றிருக்கக்கூடும். சபையில் அவருக்கு 16 பேர், எதிரே 29 பேர். 29 பேரும் பாதீட்டைத் தோற்கடிப்பார்கள். இவர் “என்னைச் சனம் தெரிவு செய்தது” என்பார், அவர்களும் அதையே சொல்லுவார்கள். ஆளை அகற்ற ஏலாது, காசைச் செலவழிக்கவும் ஏலாது. இப்ப இருக்கிறதை விட மோசமான முடக்கம் அது.

இத்தாலி இந்த முடிச்சை 1993இல் 81ஆம் இலக்கச் சட்டத்தால் அவிழ்க்கப் பார்த்தது. அதுவரை அங்கேயும் சபைதான் மேயரைத் தெரிவு செய்தது, கட்சிப் பேரங்களில் மேயர்கள் வந்தார்கள், போனார்கள். புதுச் சட்டம் தெரிவைச் சனத்திடம் குடுத்தது. கூடவே இன்னொரு விசயத்தையும் கட்டிவிட்டது: மேயரைச் சபை விழுத்தினால் சபையும் சேர்ந்து விழும். சபை பாதீட்டை நிறைவேற்றாமல் விட்டாலும் சபை கலையும். ரோமில் 2013இல் நேரடியாகத் தெரிவான இக்னாசியோ மரினோவை 2015இல் அகற்ற விரும்பியபோது, 48 உறுப்பினர்களில் 26 பேர் தங்கட பதவியை விட்டு விலக வேண்டியிருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்ப அவர்களும் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வருசம் ஜூனில் மேயரையும் சபையையும் ரோம் மக்களே புதிதாகத் தெரிவு செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த விதி இருந்திருந்தால் 2020 டிசம்பரில் எத்தனை கை உயர்ந்திருக்கும்?

இத்தாலிச் சட்டத்தை அப்படியே எடுக்கச் சொல்லேல்லை. பெரிய நகரங்களில் வென்ற மேயரின் அணிக்குச் சபையில் 60 வீத ஆசனங்கள் வரை கூட்டிக் குடுக்கிற ஏற்பாடு அதில இருக்கு. அது எங்களுக்கு வேண்டாம். கலந்து வாழுகிற ஊர்களில் சின்னச் சமூகங்களின் ஒன்றிரண்டு ஆசனங்களையும் அது விழுங்கிவிடும். அந்தச் சமூகங்களுக்கு நேரடித் தேர்தலில் இன்னொரு பயமும் இருக்கு, எண்ணிக்கையில் கூடின இனத்தின் ஆள்தான் எப்பவும் முதல்வர் என்று. பயம் நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே எங்கட கையில இருக்கு. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு இடுகிறமே, அதே சீட்டு. 2024இல் ஒருவரும் பாதியைத் தாண்டாததால் முதற்தடவையாக மற்ற விருப்புகளும் எண்ணப்பட்டன. இரண்டாவது விருப்புத் தேவைப்படுகிற வேட்பாளர் பக்கத்துத் தெருவுக்கும் போய்க் கதைக்கத்தான் வேணும். இப்ப அந்தக் கதை மண்டபத்துக்குள்ள, பூட்டின கதவுக்குப் பின்னால நடக்குது.

என்னை உண்மையாகத் தயங்க வைக்கிறது வேறொன்று. சபை கலைந்தால் உடனே தேர்தல் வரும் என்று இந்த நாட்டில் ஆர் உத்தரவாதம் தருவினம்? 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று சொல்லித் தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இரண்டு வருசத்துக்கு மேலாக எங்கட சபைகளில் தெரிவான ஆட்கள் ஒருத்தரும் இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினவை. இந்த நிலைமையில் “சேர்ந்து விழும்” விதி கொழும்புக்கு நல்ல சாட்டாகிப்போகும். ஆகவே, கலைந்த சபைக்கு எத்தனை நாளுக்குள் தேர்தல் என்பதும், அந்தச் செலவை எந்த நிதியில் இருந்து எடுப்பது என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட வேணும். அமைச்சரின் கையில் ஒரு நாளைக்கூட விடக்கூடாது. இந்த வாசகம் இல்லாமல் நேரடித் தேர்தல் சட்டமூலம் ஒன்று வந்தால் நான் அதை எதிர்ப்பன்.

சட்டம் மாற எவ்வளவு காலமெடுக்குமோ தெரியாது. ஆனால் பகிரங்க வாக்கெடுப்புக்கு எந்தச் சட்டமும் மாறத் தேவையில்லை, உறுப்பினர்கள் பெரும்பான்மையாக அதைக் கேட்டால் சரி. உங்கட வட்டார உறுப்பினரை ஒழுங்கையில கண்டால் மறிச்சுக் கேளுங்கோ: போன வருசம் பகிரங்கத்துக்குக் கை தூக்கினவரா, இரகசியத்துக்கா? பாதீட்டுக்கு என்ன போட்டவர்?