ஓர் எழுத்துக்காக ஒரு கடிதம்



தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் வேலைக்குப் போகிறார்கள். நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு மாதேஷ் உண்டு. தமிழில் அவன் பெயரில் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில்தான் ஒருவர் MADESH என்பார், இன்னொருவர் MATHESH என்பார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலாவதும் ஐ.டி.ஐ. சான்றிதழில் இரண்டாவதும் வந்துவிட்டால், வேலையில் சேரும் நாளன்று ஆதாரையும் பி.எஃப். விண்ணப்பத்தையும் ஒப்பிடும்போது சிக்கிக்கொள்கிறான்.

அப்போது யாராவது, "ஆதாரை மாத்திடு தம்பி, அதுதான் சுலபம்" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகள்தான். ஒன்றைத் தவறான எழுத்துக்காகச் செலவழித்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஆதார் ஒத்துப்போகாமல் போய்விடும்.

முதலில் பிழை எங்கே புகுந்தது என்று பாருங்கள். தேர்வு நுழைவுச்சீட்டிலேயே MATHESH என்று இருந்தால், சேர்க்கையின்போது பதிந்த விவரமே தவறு. நுழைவுச்சீட்டில் சரியாக இருந்து சான்றிதழில் மட்டும் மாறியிருந்தால், பிழை அதற்குப் பிறகு நேர்ந்தது. இதைக் கடிதத்தில் சொன்னால், எந்தப் பதிவைத் திறப்பது என்று அலுவலருக்குத் தெரிந்துவிடும்.

தேசியத் தொழிற்சான்றிதழ் மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககத்தின் கீழ் வருவது. ஆனாலும் சேர்க்கைப் பதிவேடு பயிற்சி நிலையத்தில் இருப்பதால், கடிதத்தை முதல்வர் வழியாகவே கொடுங்கள். இப்படி எழுதலாம்:

"பொருள்: சான்றிதழில் பெயர் எழுத்துப்பிழைத் திருத்தம்.

ஐயா, நான் ஃபிட்டர் பிரிவில் பயிற்சி முடித்தேன். என் பதிவெண், சான்றிதழ் எண், பிறந்த தேதி கீழே உள்ளன. சான்றிதழில் என் பெயர் MATHESH என்று உள்ளது. MADESH என்பதே சரி. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் தேர்வு நுழைவுச்சீட்டிலும் அப்படியே உள்ளது. இரண்டின் நகல்களையும் சான்றிதழின் நகலையும் இணைத்துள்ளேன். பெயரைத் திருத்திப் புதிய சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன்."

பொருள் வரியில் 'பெயர் மாற்றம்' என்று எழுதாதீர்கள். பெயரை மாற்றுகிறவரிடம் அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். நீங்கள் மாற்றவில்லை, ஏற்கெனவே உள்ள பெயரைத்தான் கேட்கிறீர்கள். சரியான பெயரைப் பெரிய எழுத்துகளில், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். மூலச் சான்றிதழில் பேனா வைக்கவே கூடாது. கேட்டால் ஒழிய அதைக் கையைவிட்டுக் கொடுக்கவும் வேண்டாம்.

கடிதம் கொடுத்த தேதியும் முத்திரையும் உள்ள நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். கம்பெனி அவசரப்படுத்தினால், திருத்தத்துக்கு விண்ணப்பித்திருப்பதையும் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதையும் முதல்வரிடம் எழுதி வாங்கி, அந்த நகலோடு சேர்த்து மனிதவளப் பிரிவில் காட்டி அவகாசம் கேளுங்கள். புதிய சான்றிதழ் வந்ததும் பெயரை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், தந்தை பெயரையும் பிறந்த தேதியையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்