குட்டி காட்டும் கோடு தாயுடையது

சோதனைப் பட்டையில் கோடு விழுந்துவிட்டால் பூனையின் கதை முடிந்தது, இனி ஊசி போட்டு அனுப்பிவிடுவதே கருணை என்ற நம்பிக்கை, பூனை வளர்ப்பவர்களிடையே எங்கும் உண்டு. லகாட்டும் ஈப்போவும் அதற்கு விலக்கல்ல. வயதைக் கேட்காமல் கோட்டை மட்டும் படிக்கும் இந்தப் பழக்கம் பிழைக்க வேண்டிய குட்டிகளைக் கொல்கிறது. கிளினிக்கில் ஒரே பட்டை இரண்டு வைரஸ்களுக்கும் விடை தருவதால், இரண்டு விடைகளும் ஒரே வகை என்று நினைத்துவிடுகிறார்கள். பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்ஐவிக்கான கோடு, அந்த வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. ரத்தப்புற்று வைரஸான ஃபெல்விக்கான கோடோ வைரஸின் சொந்தப் புரதத்தையே காட்டுகிறது.

லகாட்டில் ஒன்பது வாரக் குட்டி ஒன்றுக்கு எஃப்ஐவி கோடு மட்டும் விழுவதாக வைத்துக்கொள்வோம். அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் சீம்பாலோடு வந்த தாயின் சொத்து. தாய்க்குத் தொற்று இருந்தாலும் இயல்பாகக் குட்டிக்கு வைரஸ் போய்ச் சேர்வது குறைவு. எதிர்ப்பொருள் போவதுதான் வழக்கம். தீபகற்ப மலேசியாவில் 368 பூனைகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், 31.3 விழுக்காட்டுப் பூனைகளிடம் எஃப்ஐவி எதிர்ப்பொருள் இருந்தது. இத்தனை தாய்கள் சுமக்கும் நாட்டில், கடன் வாங்கிய கோட்டோடு வரும் குட்டிகள் அபூர்வமாக இருக்க முடியாது. அந்தக் கடன் ஆறு மாதத்துக்குள் கரைந்துவிடும். ஆறு மாதம் தாண்டி மறுபடி சோதித்து, அப்போதும் கோடு நின்றால்தான் குட்டியின் சொந்தத் தொற்று என்று கொள்ளலாம். வளர்ந்த பூனையிடம் அதே கோடு தொற்றையே குறிக்கிறது. எஃப்ஐவி தடுப்பூசி போட்டுக்கொண்ட பூனை மட்டுமே முக்கியமான விலக்கு. அப்போதும் அது மரணத் தீர்ப்பல்ல. பல ஆண்டுகள் நோயின்றி வாழும் பூனைகள் உண்டு.

ஃபெல்வியில் இந்தச் சலுகை கிடையாது. தாயின் எதிர்ப்பொருள் அந்தக் கோட்டை உண்டாக்காது. ஆகவே குட்டியானாலும் அதைத் தள்ளிவிட முடியாது. அதோடு, வளர்ந்த பூனையின் உடல் பெரும்பாலும் இவ்வைரஸை அடக்கிவிடும்; சிறு குட்டியின் உடலால் அது எளிதில் முடிவதில்லை. ஆனாலும் ஒரு கோட்டோடு தீர்ப்பெழுதக் கூடாது. குட்டியைத் தனியே வைத்து ஒரு மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். கோடு மறைந்திருந்தால் உடல் அடக்கிவிட்டது என்றோ, முதல் கோடு தவறு என்றோ பொருள் கொள்ள இடமுண்டு. நின்றால்தான் கவலை அதிகம். அத்தகைய பூனைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளே வாழ்கின்றன. நோய்க்குறியே இல்லாத வளர்ந்த பூனைக்கும் இந்த மறுசோதனை தேவை.

வீட்டில் பத்துப் பூனை வைத்திருப்பவர் எங்கே போய்த் தனி அறை தேடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எஃப்ஐவி முக்கியமாக ஆழக் கடிப்பதால் பரவுகிறது. பால்குடி மாறிய குட்டி யாரையும் அப்படிக் கடிப்பதில்லை. ஃபெல்வி எச்சிலிலும் ஒரே தட்டிலும் நக்கிக்கொள்வதிலும் பரவும், ஆகவே மறுசோதனை வரையிலான அந்த ஒரு மாதத்துக்கு அறை தேவைப்படுவது ஃபெல்விக் குட்டிக்குத்தான். குளியலறையோ பெரிய கூண்டோ போதும், தட்டையும் மணல் தொட்டியையும் தனியாக வைத்தால்.