தங்கம் விலை ஏறினா சாதனையா? கணக்கைச் சரியா படிப்போம்!

தோழர்களே, "ரிசர்வ் வங்கிக்குத் தங்கத்துல பல லட்சம் கோடி லாபம், இதுதான் ஒன்றிய அரசின் சாதனை"ன்னு ஒரு பார்வர்டு உங்க குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கும். பதில் போடுறதுக்கு முன்னாடி சுவிட்சர்லாந்து கணக்கை ஒருமுறை பாருங்க.

அந்த நாட்டு மத்திய வங்கியிடம் 1,040 டன் தங்கம் இருக்கிறது. 2024-ல் அந்த அளவு மாறவே இல்லை. ஆனால் தங்கத்தில் மட்டும் 2,120 கோடி பிராங்க் லாபம் என்று கணக்கு காட்டியது. எப்படி? கையிருப்புத் தங்கத்தை ஆண்டுக் கடைசியில் இருக்கும் சந்தை விலையில் மதிப்பிட்டு, விலை ஏறியதை லாபமாக எழுதுவது அங்கே வழக்கம். அந்த ஆண்டில் கிலோவுக்குச் சுமார் 20,400 பிராங்க் ஏறியது. 1,040 டன் என்றால் 10,40,000 கிலோ. பெருக்கிப் பாருங்க, அதே தொகை வந்துடும். வீட்டுப் பீரோவில் இருக்கும் அஞ்சு பவுன் செயின் விலை ஏறின மாதிரிதான். விற்காதவரைக்கும் கைக்குக் காசு வராது.

இதே தங்கம் 2013-ல் காலை வாரியது. விலை சரிந்ததில் சுமார் 1,500 கோடி பிராங்க் நஷ்டம். மொத்தக் கணக்கே நஷ்டமாகி, மாகாணங்களுக்கு வழக்கமாகத் தரும் பங்கை அந்த ஆண்டுக்குத் தர முடியவில்லை. அதனால்தான் 2024-ல் மொத்த லாபம் 8,070 கோடி பிராங்க் வந்தும், 300 கோடியை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு மீதியை முந்தைய நஷ்டத்தை ஈடுகட்டவும் காப்பு நிதிக்கும் ஒதுக்கினார்கள்.

நம்ம ரிசர்வ் வங்கியின் முறை வேறு. விலை ஏற்றத்தை லாபமாகவே எழுதாமல், 'நாணயம் மற்றும் தங்க மறுமதிப்பீட்டுக் கணக்கு' என்று தனியாக ஒதுக்கி வைக்கிறது. அதை அரசுக்குப் பங்கிடக் கூடாது என்று 2019-ல் பிமல் ஜலான் குழுவும் சொன்னது. இன்னொரு விஷயம்: டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தாலே ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் மதிப்பு ஏறிவிடும். அப்போ ரூபாய் விழுந்ததையும் சாதனைன்னு சொல்லணுமா?

நெருக்கடி நேரத்தில் தங்கம் நாட்டுக்குக் கவசம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகச் சந்தை ஏற்றிய விலை எந்த ஆட்சியின் திறமையும் இல்லை.

நாம கேட்க வேண்டிய கேள்வி வேற. 2024-25 கணக்குக்கு ரிசர்வ் வங்கி தன் உண்மையான உபரியில் சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாயை ஒன்றிய அரசுக்குக் கொடுத்தது. இது வரி வருவாய் இல்லை என்பதால் மாநிலங்களோடு பகிரும் தொகுப்புக்குள் வராது. சுவிட்சர்லாந்தில் மத்திய வங்கி பிரித்துக் கொடுக்கும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்களுக்குப் போகிறது. இங்கே மாநிலங்களுக்கு ஏன் ஒரு பைசா பங்குகூட இல்லை?

அடுத்த முறை அந்த பார்வர்டு வந்தா, இந்தக் கேள்வியைப் பதிலாப் போடுங்க!

#மாநிலஉரிமை